118-க்கும் 305-க்கும் நடுவில் என்ன இருக்கிறது: க்ளோஸ் ஆன டிக்கெட்டுகளும் வருடாந்திர அப்ரைசலும்

கேள்வி: “எங்கள் டீமில் ஏழு பேர். அப்ரைசலுக்காக யார் எத்தனை டிக்கெட் க்ளோஸ் பண்ணினார்கள் என்று மேனேஜர் ஒரு ஷீட் போட்டிருக்கிறார். நான் 118. பக்கத்து சீட்காரர் 305. நான் எடுத்ததெல்லாம் சிக்கலான வேலை. இந்த லிஸ்டை வைத்து நியாயமாக மதிப்பிட முடியுமா? என் பக்கத்தை எப்படிக் காட்டுவது?”

நீங்கள் அறிய விரும்புவது ஒன்று, அந்த ஷீட் சொல்வது இன்னொன்று. ஷீட் சொல்வது இவ்வளவுதான்: போன வருடத்தில் டிக்கெட்டுகளில், அதாவது பதிவான வேலைக் கோரிக்கைகளில், எந்தப் பெயருக்கு நேரே எத்தனை முறை ‘முடிந்தது’ என்று விழுந்தது. அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் யார் எப்படி வேலை செய்தார்கள் என்பதற்கு அதிலிருந்து போக வேண்டிய தூரம் நிறைய இருக்கிறது. அந்தத் தூரத்தை எப்படிக் கடப்பது, எங்கே கடக்கவே முடியாது என்பதைத்தான் எழுதப் போகிறேன். பல வருடங்கள் சப்போர்ட் டீமில் டிக்கெட் க்ளோஸ் செய்தவன். அப்புறம் அதே மாதிரி டீம்களுக்கு அப்ரைசல் எழுதியவன். நடுவில் கொஞ்ச காலம் டிக்கெட்டுகளைப் பதிவு செய்கிற ஜிரா மென்பொருளை நிர்வகித்ததால் அந்த எண்கள் உள்ளே எப்படி உருவாகின்றன என்றும் பார்த்திருக்கிறேன். சப்போர்ட், ஆபரேஷன்ஸ் வேலைக்கு நான் சொல்வது நன்றாகப் பொருந்தும். ஆறு மாதம் ஒரே விஷயத்தைக் கட்டுகிற டீமுக்குப் பாதிதான் பொருந்தும்.

முதலில் பதிவுகளுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். அப்ரைசல் எழுத உட்காருகிற மேனேஜருக்குக் கடைசி இரண்டு மாதம் நன்றாக நினைவிருக்கும், அதற்கு முந்தைய பத்து மாதம் மங்கலாக இருக்கும். பிப்ரவரியில் நீங்கள் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு தீர்த்தது டிசம்பரில் யாருக்கும் ஞாபகம் வராது. உங்களுக்கே வராது. டிக்கெட்டில் அது அப்படியே இருக்கும்: எப்போது வந்தது, யார் கேட்டார், என்ன வார்த்தையில் கேட்டார், யார் தொட்டார்கள், எப்போது மூடினார்கள், திரும்பத் திறந்ததா இல்லையா. அதெல்லாம் அன்றைக்கே எழுதியது, அப்ரைசலை மனதில் வைத்து எழுதியதல்ல. அதனால் “இது நடந்தது, இந்தத் தேதியில் நடந்தது” என்று காட்ட இதைவிட நல்ல ஆதாரம் அலுவலகத்தில் வேறு கிடையாது. ஒரு குறிப்பிட்ட வேலையைப் பற்றிப் பேசும்போது இது பலமாக நிற்கும். இரண்டு மனிதர்களை ஒப்பிடும்போது தள்ளாடும். ஒருவர் ‘ஒன்றும் செய்யவில்லை’ என்று நிரூபிக்கப் போனால் கிட்டத்தட்ட விழுந்தே விடும்.

உங்கள் 118-305 போன்ற ஒன்றில் நானே தப்புச் செய்திருக்கிறேன். ஒரு வருடம் என் டீமில் ஒருவர் 290 மூடியிருந்தார், இன்னொருவர் 84. இரண்டாமவருக்கு ‘வேலையின் அளவு குறைவு’ என்று முதல் வரைவில் எழுதியும் விட்டேன். அனுப்புவதற்கு முந்தைய நாள் ஏதோ உறுத்தி, லிஸ்டைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 290-ல் 131, அனுமதி கேட்டு வருகிற கோரிக்கைகள். எழுதி வைத்த செய்முறைப்படி பத்து நிமிடத்தில் முடிகிறவை. 34, ஏற்கெனவே இருக்கிற டிக்கெட்டின் நகல்கள். 19, கேட்டவர் பதில் போடாததால் சிஸ்டமே தானாக மூடியவை. மீதி 106. மற்றவருடைய 84-ல் அந்த மாதிரிச் சில்லறை ஒன்பதுதான், மீதி 75. ஆக 290-க்கு 84 என்று மலைபோலத் தெரிந்தது 106-க்கு 75 என்று ஆனது. அந்த 75-ல் பன்னிரண்டு டிக்கெட் ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தவை.

அதைவிட உறைத்த விஷயம் வேறு. அந்த 131 சின்னக் கோரிக்கைகளும் ஏன் முதலாமவரிடமே போயின? பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை வருகிற டிக்கெட்டுகளை முதலில் பார்க்கும் பொறுப்பில் அவரைப் போட்டது நான். அதாவது அந்த எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதி என்னுடைய ட்யூட்டி அட்டவணையைத்தான் அளந்துகொண்டிருந்தது. 290 காரர் ஏமாற்றவில்லை, ஒழுங்காகத்தான் வேலை பார்த்தார். 84 காரர் சோம்பேறியும் இல்லை. எனவே உங்கள் ஷீட்டைப் பார்த்ததும் பக்கத்து சீட்காரர் எளிய வேலையாகப் பொறுக்கி எடுத்தார் என்று முடிவு கட்டாதீர்கள். யாருக்கு எது எப்படி ஒதுக்கப்பட்டது என்பதை முதலில் கேளுங்கள். அது தெரியாமல் எண்ணிக்கையை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

சரி, இனி லிஸ்டை எப்படி எடுப்பது. ஜிராவை எடுத்துக்கொள்கிறேன், மற்றவற்றிலும் இதே சிக்கல்கள் வேறு பெயரில் இருக்கும். பெரும்பாலோர் `assignee = currentUser()` என்று போட்டு வருகிறதை எண்ணுவார்கள். அந்த `assignee` இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கும். நீங்கள் நான்கு நாள் தோண்டிக் காரணத்தைக் கண்டுபிடித்து, சரிசெய்யும் உரிமை உள்ளவருக்கு மாற்றிவிட்டால், அது அவர் கணக்கில் ஏறும். டீமை விட்டுப் போனவரின் டிக்கெட்டுகளை மொத்தமாக இன்னொருவர் பெயருக்கு மாற்றியிருந்தால், அவர் தொடாததெல்லாம் அவர் சாதனையாகிவிடும். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் பழைய வரலாற்றையும் சேர்த்துத் தேடுங்கள்:

```
project = OPS AND assignee WAS currentUser()
AND resolutiondate >= "2024-01-01"
AND resolutiondate < "2025-01-01"
ORDER BY resolutiondate ASC
```

கடைசித் தேதியைக் கவனியுங்கள். `<= "2024-12-31"` என்று எழுதினால் அது 31-ஆம் தேதி பிறக்கிற நள்ளிரவோடு நின்றுவிடும், அன்று பகலில் மூடியது எதுவும் வராது. வருடக் கடைசி நாளில் நிலுவையைக் கும்பலாக மூடுவது பல டீம்களில் இருக்கிற பழக்கம் என்பதால் இது சின்ன ஓட்டை இல்லை. அதனால்தான் `<` போட்டு அடுத்த நாளைக் கொடுத்திருக்கிறேன். OPS என்ற இடத்தில் உங்கள் ப்ராஜெக்டின் குறியீட்டையும், தேதிகளில் உங்கள் அப்ரைசல் வருடத்தையும் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் தேடல் கூடுதலாகவே பிடிக்கும். ஐந்து நிமிடம் உங்கள் பெயரில் கிடந்து, நீங்கள் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டதும் வந்துவிடும். எனவே எக்ஸ்போர்ட் செய்து, ஷீட்டில் ஒரு பத்தி சேர்த்து, உங்கள் பங்கு என்ன என்று ஒரே சொல்லில் எழுதுங்கள்: முழுவதும், காரணம் கண்டது, கைமாற்றியது. 118-க்கு ஒரு மாலை நேரம் போதும். அப்படியே `resolution` பத்தியையும் பாருங்கள். மூடிய டிக்கெட் எல்லாம் செய்து முடித்த வேலை அல்ல. அதில் Duplicate இருக்கும், Won't Do இருக்கும், Cannot Reproduce இருக்கும். இவற்றை வேலையே இல்லை என்று தள்ளவும் கூடாது. இரண்டு நாள் சோதித்துப் பார்த்து “இங்கே இந்தப் பிழை வரவில்லை” என்று சொல்வதும் உழைப்புதான். ஆனால் தனிக் குவியலாக வைக்க வேண்டும்.

லிஸ்ட் கையில் வந்ததும் நான் முதலில் பார்ப்பது மூடிய நேரம். ஒரே நிமிடத்தில் இருபது முப்பது டிக்கெட் மூடியிருந்தால் அங்கே நடந்தது வேலை அல்ல, துப்புரவு. பழையவற்றை யாரோ தேர்ந்தெடுத்து மொத்தமாக மூடியிருக்கிறார்கள், அல்லது வேறு கருவியிலிருந்து டிக்கெட்டுகளை இடம் மாற்றியபோது எல்லாவற்றுக்கும் மாற்றிய நாளின் தேதியே விழுந்திருக்கிறது. இரண்டாவது நடந்திருந்தால் முந்தைய வருடத்து வேலை இந்த வருடக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். இது மேனேஜரின் ஷீட்டிலும் இருக்கலாம், அவர் கவனித்திருக்க மாட்டார். இன்னொன்று: மூடிய டிக்கெட்டைத் திறந்து மறுபடி மூடினால், பெரும்பாலான அமைப்புகளில் மூடிய தேதி புதியதாகிவிடும். மார்ச்சில் முடித்ததை யாரோ நவம்பரில் ஒரு கேள்விக்காகத் திறந்து மூடியிருந்தால், அது நவம்பர் வேலையாகத் தெரியும்.

எத்தனை நாளில் முடித்தார் என்ற கணக்குக்கு வருகிறேன். எண்ணிக்கையைவிட இது அறிவியல்பூர்வமாகத் தோன்றும், ஆனால் ஏமாற்றுவதில் கில்லாடி. ஐந்து டிக்கெட்டுக்கு 1, 2, 2, 3, 47 நாட்கள் ஆயின என்று வையுங்கள். சராசரி 11 நாள். அந்த ஐந்தில் ஒன்றுகூடப் பதினொரு நாளுக்கு அருகில் இல்லை. வரிசையாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்தால் 2 நாள், அதுதான் வழக்கமான டிக்கெட்டைச் சொல்கிறது. எனவே சராசரிக்குப் பதிலாக நடு எண்ணைக் கேளுங்கள், அந்த 47-ஐத் தனியாக எடுத்து ஏன் என்று படியுங்கள். அநேகமாக அதில் பெரும்பகுதி யாரோ பதில் தருவதற்காகக் காத்திருந்ததாகத்தான் இருக்கும். திறந்ததிலிருந்து மூடியதுவரை ஓடுகிற கடிகாரத்துக்கு வேலையும் காத்திருப்பும் ஒன்றுதான்.

இவ்வளவு சுத்தம் செய்தபிறகும் கையில் இருப்பது ஓர் எண்தான். இதற்குமேல் போக ஒரே வழி டிக்கெட்டுகளைப் படிப்பது. 118-ஐயும் யாரும் படிக்க மாட்டார்கள், நீங்களும் எதிர்பார்க்காதீர்கள். பலர் தங்களுடைய சிறந்த ஐந்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார்கள். அது நல்லதுதான், ஆனால் அதில் ஒரு பலவீனம் இருக்கிறது: யாருக்கும் ஐந்து நல்ல டிக்கெட் இருக்கும். நான் கேட்பது இரண்டு பகுதி. ஐந்து நீங்கள் தேர்ந்தெடுத்தவை. மற்றது குருட்டுத்தனமாக எடுத்தவை. மூடிய தேதி வரிசையில் அடுக்கி, 1 முதல் 12-க்குள் ஓர் எண்ணை யாரையாவது சொல்லச் சொல்லி, அங்கிருந்து ஒவ்வொரு பன்னிரண்டாவது டிக்கெட்டையும் எடுங்கள். 118-ல் ஒன்பதோ பத்தோ வரும். உங்கள் வழக்கமான நாள் எப்படி இருந்தது என்பதை இந்தப் பத்து காட்டும், உச்சம் எது என்பதை அந்த ஐந்து காட்டும். “என் வேலையெல்லாம் சிக்கலானது” என்ற உங்கள் வாதத்துக்கும் இதுதான் பரீட்சை. குருட்டாக எடுத்த பத்தில் ஆறேழு சிக்கலானவையாக இருந்தால் வாதம் நிற்கும். இரண்டுதான் இருந்தால், உங்களுக்கு நினைவில் நின்றவை சிக்கலானவை, நிறைய இருந்தவை வேறு. எனக்கே ஒருமுறை அப்படி வந்தது. கொஞ்சம் கசப்பாகத்தான் இருந்தது.

ஒரு டிக்கெட்டை எப்படிப் படிப்பது என்று ஒன்றை எடுத்துக் காட்டுகிறேன். நான் மதிப்பிட்ட ஒருவருடைய டிக்கெட், விவரத்தைச் சற்று மாற்றியிருக்கிறேன். தலைப்பு: ‘இரவு அறிக்கை தாமதமாக வருகிறது’. மார்ச் 4-ல் திறந்து 29-ல் மூடியது, 25 நாள். ஷீட்டில் இது சிவப்பு நிறத்தில் இருந்தது, ஏனென்றால் டீமின் இலக்கு 5 நாள். ஆனால் வரலாற்றைப் பிரித்தால் 4 முதல் 6 வரை வேலையில் இருந்தது. 6 முதல் 21 வரை, பதினைந்து நாள், இன்னொரு டீம் தரவேண்டிய அனுமதிக்காகக் காத்திருந்தது. 21 முதல் 29 வரை திருத்தமும் சோதனையும். ஆக உண்மையான வேலை பத்து நாள். காத்திருந்த பதினைந்து நாளில் அவர் மூன்று முறை நினைவூட்டியிருக்கிறார், கமெண்டில் தேதியோடு இருக்கிறது. இதுவரை எல்லாம் உறுதி, பதிவே சொல்கிறது.

அடுத்தது பலன். அந்தத் திருத்தத்துக்கு முந்தைய மூன்று மாதத்தில் இதே குறையைச் சொல்லி 14 டிக்கெட் வந்திருந்தது. பிந்தைய ஆறு மாதத்தில் 2. அவர் எழுதிய வாக்கியம்: “என் திருத்தத்தால் இந்தப் புகார் கிட்டத்தட்ட நின்றது.” நான் அதை அப்படியே ஏற்கவில்லை. ஜூனில் அந்த அறிக்கையைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் வேறு அறிக்கைக்கு மாறியிருந்தார்கள். ஆள் குறைந்தால் புகாரும் குறையும். அதனால் ஏப்ரல், மே இரண்டு மாதத்தை மட்டும் எடுத்தோம், அப்போது எல்லோரும் பழையபடியேதான் இருந்தார்கள். அதற்கு முன் மாதம் நான்கைந்து வந்த இடத்தில், அந்த இரண்டு மாதமும் சேர்த்து ஒன்று. வாக்கியத்தை இப்படி மாற்றினோம்: “மாதம் நான்கைந்து வந்த புகார், திருத்தத்துக்குப் பிறகு இரண்டு மாதத்தில் ஒன்றாகக் குறைந்தது, ஜூனுக்குப் பிந்தைய குறைவில் பயனர்கள் மாறியதற்கும் பங்கு இருக்கலாம்.” முதல் வாக்கியத்தைவிட இது அடக்கமானது. ஆனால் மேலே உள்ளவர்கள் கேள்வி கேட்டபோது அசையாமல் நின்றது இதுதான். சந்தேகத்தை நீங்களே எழுதிவிட்டால் எதிரில் இருப்பவர் அதைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார், மீதியை நம்புவார்.

தரத்தை அளக்க ரீஓப்பன் எண்ணிக்கையைச் சிலர் கொண்டுவருவார்கள். மூடிய பிறகு எத்தனை திரும்ப வந்தன என்று பார்ப்பது. `status CHANGED FROM "Done"` என்று தேடினால் கிடைக்கும் (உங்கள் டீமில் அந்த நிலைக்கு வேறு பெயர் இருக்கலாம்). நல்ல யோசனைதான், ஆனால் எண்கள் சின்னவை என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒருவருக்கு 40-ல் 3 திரும்ப வந்தது, இன்னொருவருக்கு 45-ல் 6 என்று வையுங்கள். 7.5 சதவீதம், 13.3 சதவீதம் என்று எழுதினால் இரண்டாமவர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மோசம் போலத் தெரியும். உண்மையில் இருவரும் ஒரே தரத்தில் பத்துக்கு ஒன்று தவறுகிறவர்களாக இருந்தாலும், நாற்பது டிக்கெட்டில் 2 முதல் 7 வரை எது வந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்த வித்தியாசத்தை வைத்து ரேட்டிங் போடுவது பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்குச் சமம். 40-ல் 15 என்றால் கதை வேறு, அப்போது உட்கார்ந்து பேச வேண்டும். அப்போதும் திரும்பத் திறந்த காரணத்தைப் படிக்க வேண்டும். “நன்றி” என்று கேட்டவர் ஒரு பதில் போட்டதற்கே டிக்கெட்டைத் திறந்துவிடுகிற அமைப்புகள் உண்டு.

அப்புறம், லிஸ்டில் வராதது. என் 84 காரர் மற்றவர்களுடைய அறுபதுக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகளில் கமெண்ட் போட்டிருந்தார். ‘இந்த லாகைப் பார்’, ‘போன வருடம் இதே வந்தது, காரணம் இது’ என்கிற மாதிரி. பல இடங்களில் அவர் கமெண்டுக்கு அடுத்த நாள் டிக்கெட் மூடியிருந்தது, வேறொருவர் பெயரில். நல்ல வேளையாக இந்த உதவியைத் தேடி எடுக்க வழி இருக்கிறது. ஜிராவில் `updatedBy` என்ற ஃபங்ஷன் ஒருவர் கைவைத்த டிக்கெட்டுகளையெல்லாம் தரும், கமெண்ட் போட்டதும் அதில் அடக்கம். அதிலிருந்து உங்கள் பெயரில் இருந்தவற்றைக் கழித்தால் மீதி நீங்கள் பிறருக்குச் செய்தது, ஏறக்குறைய. ஏறக்குறைய என்கிறேன், ஏனென்றால் லேபிளை மாற்றியதும் அந்தக் கணக்கில் வரும். ஆனால் பக்கத்தில் போய் நின்று சொல்லிக்கொடுத்தது எங்கும் இல்லை. புதிதாக வந்தவரைப் பழக்கியது இல்லை. பிரச்சினை வருவதற்கு முன்பே தடுத்ததால் திறக்கப்படாமலே போன டிக்கெட் எந்தத் தேடலிலும் வராது. இந்த இடத்தில் பதிவுகளைத் தோண்டுவதை நிறுத்திவிட்டு மனிதர்களைக் கேட்க வேண்டும்: உங்களிடம் உதவி பெற்ற இரண்டு பேரின் இரண்டு வரி, எந்த ஷீட்டையும்விட இதற்கு நல்ல ஆதாரம்.

மேனேஜர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு விஷயம். எண்ணிக்கை ரேட்டிங்குக்குப் போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து பதிவின் தன்மையே மாறும். இது புதிதல்ல. சமூகவியலாளர் பீட்டர் ப்ளாவ் 1955-ல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்காவின் ஒரு மாநில வேலைவாய்ப்பு அலுவலகத்தைப் பார்த்தார். நேர்காணல்களின் எண்ணிக்கையை வைத்து ஊழியர்களை மதிப்பிட்டபோது நேர்காணல்கள் பெருகின, வேலைக்கு ஆள் அமர்த்துவது பின்னுக்குப் போனது. பிறகு அமர்த்தியவர்களின் எண்ணிக்கையைச் சேர்த்ததும், சிலர் காலியிட விவரங்களைச் சகஊழியர்களுக்குக் காட்டாமல் மறைத்துவைத்துக்கொண்டார்கள். டிக்கெட்டிலும் இதேதான் நடக்கும். ஒரே வேலை நான்கு டிக்கெட்டாகப் பிரியும். கஷ்டமானது வரிசையில் கிடக்கும், எளியதை எடுக்கப் போட்டி நடக்கும். அடுத்தவர் டிக்கெட்டில் கமெண்ட் போடுவது நின்றுபோகும், அதனால் தனக்கு ஒன்றும் ஏறாது என்பதால். கண்டுபிடிப்பது கடினமில்லை: திறந்தவரும் மூடியவரும் ஒரே ஆள், இரண்டுக்கும் நடுவே இரண்டு நிமிடம், விவரம் ஒரே வரி. அப்படிப்பட்டவை திடீரென்று அதிகரித்தால் டீம் ஷீட்டுக்காக வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அதற்கு டீமைத் திட்டிப் பயனில்லை.

சரி, உங்களுக்கு. 305-ஐத் தாக்கிப் பேசாதீர்கள். அவருடைய டிக்கெட்டுகளை நீங்கள் பிரித்து வைத்து “இதெல்லாம் சின்ன வேலை” என்று நிரூபித்தால், உங்கள் நியாயம் சரியாக இருந்தாலும் அந்த அறையில் எடுபடாது. மேனேஜரிடம் இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். ஒன்று, எந்தத் தேடலில் இந்த எண்கள் வந்தன, ஏழு பேருக்கும் ஒரே தேடலா. இரண்டு, அனுமதிக் கோரிக்கைகளையும் நகல்களையும் தானாக மூடியவற்றையும் எல்லோருக்கும் தனியாகப் பிரித்துக் காட்ட முடியுமா. இரண்டுமே எல்லோருக்கும் பொருந்துகிற கேள்விகள், உங்களுக்குச் சலுகை கேட்பதாகத் தோன்றாது. பிறகு உங்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு தாள்: மேலே, பிரித்த எண்ணிக்கை. அடுத்து நீங்கள் தேர்ந்தெடுத்த ஐந்து, ஒவ்வொன்றுக்கும் என்ன கேட்டார்கள், என்ன செய்தீர்கள், பிறகு என்ன ஆனது என்று மூன்று வரி, டிக்கெட் எண்ணோடு. அடுத்து குருட்டாக எடுத்த பத்து, எப்படி எடுத்தீர்கள் என்ற ஒரு வரியோடு. கடைசியில் சரியாகப் போகாத ஒன்றையாவது நீங்களே சேருங்கள். அது எப்படியும் அவர் ஷீட்டில் இருக்கும், உங்கள் வார்த்தையில் முதலில் வரட்டும்.

அவர் எண்ணிக்கையில்தான் நிற்பேன் என்றால்? நடக்கும், நான் பார்த்திருக்கிறேன். அப்போது இந்த வருடத்தை வாதாடி வெல்வது சிரமம். அடுத்த வருடத்துக்கு ஒரு சின்ன மாற்றத்தைக் கேட்டு வாங்குங்கள்: டிக்கெட்டைத் திறக்கும்போதே சிறியது, நடுத்தரம், பெரியது என்று ஒரு குறி, அதைப் போடுவது வேலையைச் செய்பவர் அல்ல, முதலில் பார்ப்பவர். முடிந்தபிறகு போடுகிற அளவு எப்போதும் முடித்தவருக்குச் சாதகமாக வளரும், முன்னால் போட்டது தப்பாக இருந்தாலும் யாருக்கும் சாய்ந்து இருக்காது. நீங்கள் மாதம் ஒருமுறை லிஸ்டை எக்ஸ்போர்ட் செய்து, அந்தப் பங்குப் பத்தியை நினைவு சூடாக இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள். மாதம் பத்து டிக்கெட், பதினைந்து நிமிடம்.